நீளக் கோடும் கைக்கடிகாரமும்

எங்கள் கடையில் மடிக்கணினிகளைச் சோதிப்பவரை எல்லோரும் 'கடிகாரம்' என்றே கூப்பிடுவோம். எதையும் கைக்கடிகாரத்தில் நேரம் அளந்து பார்த்த பிறகே நம்புவார். அன்று வீடியோ எடிட்டிங் செய்யும் பெண்ணொருத்தி வந்தாள். வேகச் சோதனை மதிப்பெண்களைக் கோடுகளாகக் காட்டும் படத்தில் நீளக் கோடு வாங்கிய மெல்லிய கணினியை அவள் தலையில் கட்டப் பார்த்தார் முதலாளி.

"அந்தக் கோடு ரெண்டு நிமிஷச் சோதனையில வந்ததும்மா. உங்க வேலையையே ஓட்டிப் பாருங்க," என்றார் கடிகாரம்.

அவளுடைய வீடியோவை அந்தக் கணினியிலும், படத்தில் குட்டைக் கோடு வாங்கிய இன்னொன்றிலும் ஓட்டினார். நீளக் கோட்டுக்காரன் சூடேறி, வேகம் குறைந்து, நாற்பது நிமிடம் எடுத்தான். குட்டைக் கோட்டுக்காரன் முப்பதில் முடித்தான். விலை குறைந்த அதையே அவள் வாங்கிப் போனாள்.

"உன் வாய் சும்மாவே இருக்காதாய்யா?" என்று முதலாளி கத்தினார்.

மதியம் முதலாளிக்குப் பயந்து யாரும் கடிகாரத்தோடு சாப்பிட உட்காரவில்லை. கடை பெருக்கும் நான் தண்ணீர் மட்டும் வைத்தேன். நீங்கள் செய்தது சரி என்று சொல்ல வாய் வரவில்லை.