ஒரு நாளைக்கு நாலு நடை

பதினாறு வருஷம் அவள் ஒரு ஆஸ்பத்திரியின் துணி அறையில் வேலை பார்த்தாள். சலவையிலிருந்து வரும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் பிரித்து, அடுக்கி, வார்டுக்கு அனுப்ப வேண்டும். எல்லோருக்கும் அவள் துணியக்கா. எத்தனை துணி என்று ஒருத்தரும் எழுதி வைத்ததில்லை. குறைந்தால் திட்டுவார்கள், அதுதான் அங்கே கணக்கு. பிறகு ஆஸ்பத்திரியையே மூடிவிட்டார்கள். ஆறு மாதமாக ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் 'சொல்லி அனுப்புகிறோம்' என்றார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை.

இப்போது இன்னொரு ஆஸ்பத்திரி துணி அறைக்குப் பொறுப்பாளர் தேடுகிறது. விண்ணப்பத்தில் ஒரு கட்டம்: முந்தைய வேலையில் சாதித்ததை எண்ணிக்கையோடு எழுதவும்.

தம்பி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"என்னக்கா சாதிச்ச?"

"துணி மடிச்சேன்."

"வேலைத்திறனை நாப்பது சதவீதம் உயர்த்தினேன்னு போடவா? ஊரே அப்படித்தான் போடுது."

"எதுல நாப்பதுன்னு கேட்டா? நீ வந்து பதில் சொல்லுவியா?"

"சரி, காலையில போனதும் என்ன செய்வ?" என்றான்.

"வண்டி தள்ளுவேன். நாலு நடை. சில நாள் அஞ்சு."

"வண்டிக்கு எத்தனை துணி?"

"அறுபது. மேல வச்சா லிஃப்ட் வாசல்ல சரிஞ்சு மானம் போகும்."

"இருநூத்தி நாப்பது. கட்டில் கணக்கும் சொல்லு."

"தொண்ணூறுல ஆள் இருக்கும். ஆளுக்கு விரிப்பு ரெண்டு, உறை ஒண்ணு."

"இருநூத்தி எழுபது வருதே?"

"கம்மியானதையே போடு. 'சுமார்'னும் சேத்துக்கோ."

"இது செஞ்ச வேலை. நீ அங்க என்னத்த மாத்தின?"

பதினாறு வருஷத்தில் அவளை யாரும் கேட்காத கேள்வி. கையில் இருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"முன்னாடி எல்லாம் ஒரே குவியல்தான். முதல்ல வர்ற வார்டு அள்ளிட்டுப் போயிடும். விரிப்பு இல்லன்னு தினம் அஞ்சு ஃபோன் வரும். வார்டு வார்டா நான் மூட்டை கட்ட ஆரம்பிச்சேன். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு வந்தாலே பெருசு."

தம்பி அதை அப்படியே அடித்தான்.

நேர்காணலில் நிர்வாக அதிகாரி அந்த வரியில் விரலை வைத்தார்.

"தினம் அஞ்சு, வாரம் ரெண்டு. இது எங்கேம்மா பதிவாயிருக்கு?"

"எங்கயும் இல்லைங்க மேடம். ஃபோனை எடுத்தது நான். கூப்பிட்டது அந்த ஆஸ்பத்திரி மேல் மாடித் தலைமை நர்ஸ். நம்பர் தரேன், கேட்டுப் பாருங்க."

அதிகாரி அங்கேயே கூப்பிட்டார்.

"அஞ்சா?" என்றது மறுமுனை. "அதுல மூணு நான் போட்டதுதான். கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. மூட்டை கட்டுன பிறகு கூப்பிட வேலையே இல்ல."

அதிகாரி போனை வைத்தார். "திங்கட்கிழமை வந்திடுங்க. எட்டு வார்டு. உண்மையைச் சொல்லணும்னா, இங்கயும் யாரும் எதையும் எழுதி வைக்கிறதில்ல."

துணியக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அப்போ ஒரு நோட்டு வாங்கி வைங்க மேடம். எத்தனை ஃபோன் வருதுன்னு முதல் வாரம் எழுதறேன். அதுக்கப்புறம்தான் மூட்டை."