வடிகால் கூட்டத்துக்கு ஒரு தலைப்பு

பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் பத்திரிகையில், அரசு அலுவலகங்கள் அனுப்பும் மலாய் அறிக்கைகளை இப்போது கணினியே தமிழாக்கிவிடுகிறது. அதை மனிதர் படிக்கும்படி மாற்றுவது என் வேலை.

அன்று வந்த தலைப்பு: “கிள்ளானில் வெள்ளப் பிரச்சினையைத் தீர்ப்பதில் முக்கியப் படியாக வடிகால் கலந்துரையாடல் வெற்றிகரமாக நடைபெற்றது.” முதல் வரியும் அதையேதான் சொன்னது, கூடவே, ‘பல்வேறு தரப்பினர் ஆக்கபூர்வமான கருத்துகளைப் பகிர்ந்துகொண்டனர்’ என்றது.

ஜோடனைச் சொற்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். கடைசியில் ‘கூட்டம் நடந்தது’ மட்டும் மிஞ்சியது. குழம்பிப் போய், அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்த எங்கள் நிருபரை அழைத்தேன்.

“என்னதான் முடிவு பண்ணாங்க?”

“ஒன்னும் பண்ணலக்கா. கால்வாய எப்ப தூர்வாருவீங்கன்னு சனங்க கேட்டாங்க. பதிலே வரல லா. அப்புறம் சாப்பாடு போட்டாங்க.”

தலைப்பை மாற்றினேன்: “கிள்ளான் கால்வாயைத் தூர்வாருவது எப்போது? பதில் இல்லை.” முதல் வரி: “அடைத்துக்கிடக்கும் கால்வாயை எப்போது தூர்வாருவீர்கள் என்று கிள்ளான் குடியிருப்பாளர்கள் நேற்றுக் கேட்டதற்கு, அதிகாரிகள் தேதி சொல்லவில்லை.”

மறுநாள் அறிக்கை அனுப்பிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி கூப்பிட்டார்.

“நாங்க அனுப்புனதுல எது பொய், சொல்லுங்க மேடம்?”

அறிக்கையை எடுத்து வரிவரியாகத் தேடினேன். கூட்டம் நடந்தது உண்மை. கருத்துச் சொன்னதும் உண்மை. ஒரு பொய்கூட அகப்படவில்லை. பிறகு எதைத்தான் திருத்தினேன்? எனக்கே புரியவில்லை. எரிச்சல்தான் வந்தது.

“சரி, தேதிய சொல்லுங்க. நாளைக்கே போட்டுடுறேன்.”

“மீட்டிங் இருக்கு,” என்று போனை வைத்துவிட்டார்.