கத்துகிற பிரேக்

ஒரகடத்தில் பிரேக் பேட் செய்யும் ஆலையில் எனக்குச் சத்தம் கேட்கிற வேலை. சோதனை பைக்கை ஓட்டி, பிரேக் பிடித்து, கிரீச்சிடுகிறதா என்று மதிப்பெண் போடுவேன். நாரும் பிசினும் கலந்த ஆர்கானிக் பேட் பூனை மாதிரி சத்தமில்லாமல் நிறுத்தும். டிஸ்க்கையும் அதிகம் தேய்க்காது. உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்த சின்டர்டு பேட் கத்தும், டிஸ்க்கைச் சீக்கிரம் தின்னும். மழை வந்தால் சோதனையை நிறுத்திவிடுவோம்; கிரீச் காதில் விழாதே. ஆகவே ஆர்கானிக்குக்கு நல்ல மதிப்பெண் போட்டு, அறிக்கையில் 'ஈரத்தில் பிடிப்பு' என்ற கட்டத்தில் வெறும் கோடு இழுத்துவிட்டேன்.

அன்று மாலை மழையில் படப்பைக்குத் திரும்பும்போது, முன்னால் போன ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றது. என் வண்டியிலும் ஆர்கானிக்தான். லீவரை அழுத்தினேன், ஒரு கணம் எதுவுமே நடக்கவில்லை. டிஸ்க்கில் இருந்த தண்ணீர் வழிந்த பிறகே பிடித்தது. ஆட்டோவுக்கு ஒரு சாண் பின்னால் நின்றேன். வீடு வந்தும் விரல்கள் மடங்கியே இருந்தன.

மறுநாளே சின்டர்டு மாட்டி, பேட் டிஸ்க்கில் படியும்வரை ஓட்டிப் பழக்கினேன். அடுத்த மழையில் தொட்டவுடன் பிடித்தது. ஆலை வாசலில் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கிரீச்.

காவலர் சிரித்தார். "இன்னா சார், சத்தம் பாக்கறதே உங்க வேலை. உங்க வண்டியே இப்டி கத்துது?"

"கத்தட்டும்ணா. மழையில நிக்குதுல்ல?"

சொன்னதுமே கோடு இழுத்த அந்தக் கட்டம் நினைவுக்கு வந்தது. மேசைக்கு ஓடினேன். அறிக்கை எப்போதோ மேலிடத்துக்குப் போய்விட்டது. கையிலிருந்த நகலில், அந்தக் கோட்டுக்கு நேர் கீழே என் கையெழுத்து.