கிருமி போன பிறகும்

புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில், எண்டோஸ்கோபி அறையில் செவிலியாக இருக்கிறேன். டாக்டர் குழாயை விட்டு இரைப்பையைப் பார்ப்பார், பார்த்ததைச் சொல்வார், மாத்திரை எழுதுவார். வெளியே வந்த நோயாளிக்கு அதை நம்ம பேச்சில் புரிய வைப்பது என் பாடு. எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். என் அண்ணனுக்கும் நான்தான் சொன்னேன்.

அண்ணனுக்குக் கீரமங்கலத்துப் பக்கம் மல்லிகைத் தோட்டம். விடிவதற்கு முன்பே பூப் பறிக்க இறங்கினால் வெயில் ஏறும்வரை குனிந்த முதுகு நிமிராது. வெறும் வயிற்றில் டீ, முதுகு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை, அது வயிற்றைக் கடித்தால் இன்னொரு மாத்திரை. நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிகிறது என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "நேரத்துக்குச் சாப்பிடாததுதான்" என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்று அவர் கையை உதறி எழுந்ததும், சட்டை தொளதொளத்ததும் தோட்ட வேலையின் கணக்கில் போயின.

ஒருநாள் அண்ணி போன் செய்தார். "ஒங்க அண்ணனுக்கு வெளிக்கிப் போறது தார் மாதிரி கருகருன்னு இருக்குங்கிறாக. தலை சுத்தி வரப்புலயே உக்காந்துட்டாக." உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். இரைப்பைக்குள் ரத்தம் கசிந்து, குடல் வழியாகச் செரித்து வந்தால் அந்த நிறம் வரும்.

ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் குழாய் விட்டபோது டாக்டருக்கு உதவியாக நின்றவள் நானே. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண் இருந்தது. நடுவில் வெள்ளை படர்ந்த பள்ளம். விளிம்பிலிருந்து துளித் துளியாகச் சதை எடுத்தோம். கொஞ்சம் சோதனைக்கூடத்துக்குப் போனது. வேறொரு துளியை மஞ்சள் நிறக் கூழ் இருக்கும் சின்னப் பெட்டியில் போட்டேன். இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் கிருமி இருந்தால் அது இளஞ்சிவப்பாக மாறும். நான் கையுறையைக் கழற்றுவதற்குள் மாறிவிட்டது.

அன்று சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனுக்கும் அண்ணிக்கும் சொன்னேன்.

"அண்ணே, வயித்துல சோறு செரிக்க அமிலம் சுரக்கும். அது உள்தோலைத் தின்னுடாம இருக்க மேல ஒரு கோழை மூடியிருக்கும். இந்தக் கிருமி அந்தக் கோழைக்குள்ளயே குடியிருந்து மூடியை அரிச்சிடுது. நீங்க தின்ன வலி மாத்திரையும் அதையே செஞ்சிருக்கு. ரெண்டும் சேந்து புண்ணாயிருச்சு."

"கிருமியா? எங்கிட்டுருந்து வந்துச்சு?"

"பெரும்பாலும் சின்னப் பிள்ளையிலயே வந்துரும். தண்ணி வழியா, சாப்பாடு வழியா, வீட்டுல ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு. இருக்கிற எல்லாருக்கும் புண் வராது. சிலருக்குத்தான் வரும்."

அண்ணி குறுக்கிட்டார். "எனக்கும்தான் நெஞ்சு எரியுது. படுத்தா புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருது. அந்த மாத்திரையை எனக்கும் குடுக்கச் சொல்லுங்க."

"அது வேற அண்ணி. சாப்பாட்டுக் குழாயும் வயிறும் சேர்ற எடத்துல ஒரு வாசல் மாதிரி இருக்கும். அது தளந்துபோனா அமிலம் மேல ஏறும். கிருமி மாத்திரை அதுக்கு இல்ல. சாப்பிட்ட ஒடனே படுக்காதீங்க, தலைமாட்டை ஒசத்திக்கங்க, ராத்திரி கொஞ்சமா சாப்பிடுங்க. அப்பவும் எரிஞ்சா டாக்டரைப் பாருங்க."

பிறகு மாத்திரைகளைக் கட்டிலில் பரப்பினேன். "இது அமிலத்தைக் குறைக்கிறது. காலையிலயும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. இந்த ரெண்டும் கிருமிக்கு. காலையிலயும் ராத்திரியும் சாப்பிட்டதும். பதினாலு நாள். எரிச்சல் நின்னுருச்சுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. மிச்சமிருக்கிற கிருமி மருந்துக்குப் பழகிரும், அப்புறம் அந்த மருந்து கேக்காது. வாய் கசக்கும், வயிறு கொஞ்சம் இளகும். ரொம்பப் போனாலோ, உடம்பு தடிச்சாலோ ஒடனே எனக்குப் போன் பண்ணுங்க. வலி மாத்திரையைத் தொடவே கூடாது."

"கிருமி போனா புண்ணு ஆறிருமா?"

"ஆறிரும்ணே."

சதைப் பரிசோதனையில் அப்போது கெட்டதாக எதுவும் தெரியவில்லை. புண்ணும் அழற்சியும் கிருமியும் மட்டும் என்று வந்தது. இருந்தாலும் டாக்டர் அண்ணனிடம் அழுத்திச் சொன்னார்: "இரைப்பைப் புண்ணு ஆறிருச்சான்னு கண்ணால பாக்கணும். ரெண்டு மூணு மாசத்துல மறுபடி வாங்க."

அண்ணன் ஒரு வேளை தவறவில்லை. நாக்கில் இரும்பைத் தேய்த்த மாதிரி இருக்கிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினார் என்று அண்ணி சொன்னார். கிருமி மாத்திரை முடிந்த பிறகும் அமில மாத்திரையைச் சொன்ன காலம்வரை தொடர்ந்தார். பிறகு அதை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மலப் பரிசோதனை செய்தோம். அமில மாத்திரை ஓடும்போது சோதித்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். முடிவு வந்தது: கிருமி இல்லை.

அண்ணி பலகாரம் செய்து கொடுத்தனுப்பினார். அண்ணனோ போனில், "கிருமி போயிருச்சு, ஆனா சோறுதான் எறங்க மாட்டேங்குதுத்தா" என்றார். கிருமி போயும் சோறு இறங்காதது நல்லதற்கில்லை என்று பட்டது; அன்றே டாக்டரிடம் மறுபடி குழாய் விட நாள் வாங்கினேன்.

இரண்டாவது முறை குழாய் விட்டார்கள். புண் ஆறவில்லை. விளிம்பு தடித்து மேடேறியிருந்தது. டாக்டர் மீண்டும் மீண்டும் சதை எடுத்தார். நான் குப்பிகளை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

புற்று என்று வந்தது. ஸ்கேனில் ஈரலிலும் பரவியிருந்தது.

"முதல் தடவை எடுத்ததுல ஏன் சார் தெரியல?" என்று கேட்டேன்.

"சில சமயம் எடுத்த துளியில சிக்காது சிஸ்டர். அதுக்குத்தான் திரும்பப் பாக்குறது. ஈரலுக்குப் பரவினது நேத்து இன்னைக்கு இல்ல, அப்பவே பரவியிருக்கும்; முதல்லயே தெரிஞ்சிருந்தாலும் பெருசா மாறியிருக்காது."

அண்ணியிடம் சொல்ல வேண்டியிருந்தது. மருத்துவமனை வாசலில், வேப்பமரத்தடியில் நின்று சொன்னேன்.

"கிருமி போயிருச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"போயிருச்சு அண்ணி."

"அப்புறம் எப்புடி?"

கிருமி பல வருஷம் உள்ளே இருந்து உள்தோலைப் புற்றாக மாற்றிவிட்டுப் போயிருக்கிறது, மாறினது மாத்திரைக்குத் திரும்பாது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். புரிந்த ஆட்டமா என்று தெரியவில்லை. நான் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. அந்த மாத்திரையால் எத்தனையோ பேருக்குப் புண் ஆறுவதை இந்தக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அதை அந்த நேரத்தில் அவரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது?

அறுவை செய்ய இயலாது என்றார்கள். தஞ்சாவூரில் புற்றுக்கான மருந்தை நரம்பு வழியாக ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டாவது முறைக்கே உடம்பு தாங்கவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றார்.

கூடப் பிறந்தவர்கள் சோதித்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொன்னார். சோதித்தேன். எனக்கும் கிருமி இருந்தது. ஒரே வீட்டில், ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள். நான் மாத்திரை தொடங்கியது அண்ணனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கட்டிலில் எலும்பாகக் கிடந்தவர், நான் போனதும் சொன்னார்:

"நடுவுல நிறுத்திறாதத்தா. கசக்கத்தான் செய்யும்."

"சரிண்ணே."

"எனக்கு மட்டும் ஏன் ஆறல?"

கேள்வியில் கோபம் இல்லை. நான் அவருக்கு நிறைய விளக்கியிருந்ததால் இதற்கும் என்னிடம் பதில் இருக்கும் என்று நினைத்திருப்பார். நான் அவர் உதட்டைப் பஞ்சால் நனைத்தேன்.

பங்குனி பிறந்த கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தார்.

என் மாத்திரை முடிந்து, காத்திருந்து, சோதித்ததில் கிருமி இல்லை என்று வந்தது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "நல்லது சிஸ்டர்" என்றார். "சரி சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குக் குழாயைக் கழுவப் போனேன்.