எண்பத்தொன்று

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் உலர்த்தும் இயந்திரம் அண்ணன் பொறுப்பு. காது அறவே கேட்காது. எல்லோரும் ‘டமாரம்’ என்பார்கள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பார். நான் பக்கத்து அறையில் விரிப்பு மடிப்பவள்.

இயந்திரம் முடிந்ததும் அடிக்கிற மணி அவருக்குக் கேட்காது, என் அறைக்கும் எட்டாது. அதனால் கையிலிருக்கும் ஸ்மார்ட்வாட்சில் நாற்பது நிமிடம் வைப்பார். மணிக்கட்டில் அதிர்ந்ததும் ஓடுவார்; எடுக்கத் தாமதித்தால் உள்ளே சூட்டில் துணி கருகும். உள்ளே போனைக் கொண்டுபோகக் கூடாது, சார்ஜ் போடவும் தடை.

வாங்கிய புதிதில் காலை ஐந்துக்குச் சார்ஜரிலிருந்து எடுத்தால் இரவு ஏழு வரை தாங்கும். மூன்றாவது வருடத்தில் நாலு மணிக்கே அணைந்தது. வேலை முடிவதோ ஆறுக்கு. ஒரு மாலை விரிப்புகள் பழுப்பேறிவிட்டன.

“இன்னொரு தடவை கருக விட்டா அழுக்குத்துணி பிரிக்கிற வேலைதான்” என்றார் மேற்பார்வையாளர்.

அண்ணன் சர்வீஸ் சென்டருக்கு என்னையும் கூட்டிப்போனார். அங்கிருந்த பெண் மாஸ்க் போட்டிருந்ததால் உதடு தெரியவில்லை. அவள் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். முகம் தெரியாதவர்களிடம் நானாக எதையும் கேட்க எனக்குக் கூச்சம்.

“பேட்டரி ஹெல்த் எண்பத்தொன்னு இருக்கு. எண்பதுக்குக் கீழ போனாத்தான் வாட்சோட எடுத்த வாரண்டித் திட்டத்துல பேட்டரியை இலவசமா மாத்துவோம். வாட்ச் நல்லாத்தான் இருக்கு.”

“நல்லா இருக்கிறவன் ஏம்மா நாலு மணிக்கே படுத்துக்கிறான்?” என்று அண்ணன் கத்தினார். கடையே திரும்பிப் பார்த்தது.

வீட்டில் கணக்குப் போட்டேன். பதினாலு மணி நேரத்தில் எண்பத்தொரு சதவீதம் பதினொன்றுக்குக் கொஞ்சம் மேல். ஐந்திலிருந்து எண்ணினால் நாலு. அந்த எண் சரியாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

திட்டம் முடிய இருபது நாள். அதற்குள் எண்பதுக்குக் கீழே இறங்கட்டும் என்று அண்ணன் தினமும் வாட்சை அணையும்வரை ஓட்டினார். சூடு பேட்டரியைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதால் இயந்திரத்தோடு கையை ஒட்டி நின்றார்.

“இன்னிக்கு எவ்வளவு, டமாரம்?” என்பார்கள் கூட வேலை செய்பவர்கள்.

“எண்பத்தொன்னு. சனியன் செத்தும் தொலைய மாட்டேங்குது.”

திட்டம் எண்பத்தொன்றிலேயே முடிந்தது. நாலு நாள் கழித்து எழுபத்தொன்பது. அந்த வாரமே விரிப்புகள் இரண்டாவது முறை கருகின. அண்ணனை அழுக்குத்துணி பிரிக்க அனுப்பிவிட்டார்கள்.

வாட்ச் ஆறு வரை தாங்கினால் இயந்திரத்தைத் திருப்பித் தருவதாக மேற்பார்வையாளர் சொன்னார். சொந்தக் காசில் மாற்றப் போனோம். அதே பெண், அதே மாஸ்க்.

எனக்கு ஆற்றாமை. “வேலை முடியறவரைக்கும் தாங்கலைன்னு அன்னிக்கே சொன்னோமே. காசு கொடுத்தா மாத்தலாம்னு சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேக்கவே இல்லையே மேடம். காசுக்கு மாத்தறதுக்கு எண்பதெல்லாம் கணக்கில்ல. ஒரு நாள் வேலைக்குப் பத்தலைன்னா எப்ப வேணாலும் மாத்திக்கலாம்.”

அன்று கேட்டிருக்க வேண்டியவள் நான்.

“என்னம்மா சொல்றாங்க?” என்றார் அண்ணன், என் வாயையே பார்த்தபடி.

“நாளைக்கு வந்து வாங்கிக்கச் சொல்றாங்க, அண்ணே.”