வேண்டாம் என்பதற்கும் இடம் வைத்து

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. குத்தாலத்துக்குத் தெற்கே, காவிரி வாய்க்கால் பாயும் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால், படிப்பை நிறுத்திக் குத்தகை நிலத்தில் இறங்கினார். என்னைப் படிக்கவைத்ததும், கல்யாணம் செய்துகொடுத்ததும் அவர்தான். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை.

அறுவடைக் கூலிக்காக ஊருக்கு ஊர் தகராறு நடந்த காலம் அது. எங்கள் ஊர்க் களத்தில் நிலக்காரர், கூலிக்காரர் இரண்டு பக்கமும் கைகலந்தபோது, விலக்கிவிடப் போன அண்ணனின் வலது மணிக்கட்டில் அரிவாள் பட்டது. யார் வீசியது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. புண் ஆறியது. நரம்பு அறுபட்டதால் விரல்கள் மட்டும் மடங்கவில்லை. இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடத் தனியாக வீட்டில் பழகிக்கொண்டார்.

அடுத்து நடந்ததை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இது அவரைப் பற்றிய கட்டுரையாக இராது.

என் மூத்த மகளின் காதுகுத்துப் பந்தியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கரண்டியை எடுக்கச் சட்டைப்பைக்குள் கைவிட்டார். அதற்குள் நான் ஓடிப்போய் அவர் இலை முன் குனிந்து, சோற்றைப் பிசைந்து, ஒரு கவளத்தை வாய்க்கருகே நீட்டிவிட்டேன். "பாவம், தங்கச்சி இருக்கப்போய் ஆச்சு" என்று யாரோ சொன்னார்கள். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அண்ணன் இலையை மூடிவிட்டு எழுந்தார். அதன் பிறகு பல ஆண்டுகள் எந்த விசேஷத்துக்கும் அவர் வரவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. தூக்குச்சட்டியில் குழம்பு அனுப்பினேன். தொடாமல் திரும்பி வந்தது. "நிறைய வச்சுட்டேன், வீணாப் போகுது" என்று பொய் சொல்லி அனுப்பினேன், அதுவும் வந்தது. கடைசியில் நேரிலேயே போய்க் கேட்டேன்.

"அக்கறையாலதானேண்ணே செஞ்சேன்?"

"அக்கறைதாம்மா. அதனாலதான் என்னால கோவப்படக்கூட முடியல" என்றார். பிறகு, "நீ கேக்கவே இல்லியே. கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். சொல்ல எனக்கு ஒரு எடம் இருந்திருக்கும்" என்றார்.

கேட்பது என்றால் எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. "எதுனா செய்யணுமாண்ணே?" என்று வாசலில் நின்று கேட்டேன். அதற்கும் "ஒண்ணும் வேணாம்" என்றே பதில். நான் முகம் வாடி நின்றதும், என்னைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

ஒருநாள் நாங்கள் இருவரும் அவர் வயல் வரப்பில் நின்றிருந்தபோது சேசுராசு வந்தார். களத் தகராறில் கூலிக்காரர் பக்கம் நின்றவர். இப்போது பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

"அண்ணே, நாளைக்கு வாய்க்கால் தூர் வாரப்போறேன். ஒங்க பக்கத்தையும் சேத்து வாரிடவா, இல்ல நீங்களே பாத்துக்கிறீங்களா?"

"நானே பாத்துக்கிறேன்."

"சரிண்ணே." அவ்வளவுதான். வற்புறுத்தவில்லை, வருத்தமும் காட்டவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

மறுநாள் காலையும் நான் வயலுக்குப் போயிருந்தேன். அண்ணன் தம் பக்கத்தில் பாதி தூரம் ஒரு கையால் வாரினார். பிறகு நிமிர்ந்து, "சேசுராசு, இந்த வளைவை மட்டும் பாத்துவிடு. நான் மடையப் பாக்குறேன்" என்று கூப்பிட்டார். அவராக ஒருவரை உதவிக்குக் கூப்பிடுவதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். அந்த ஒருவர் நானில்லை.

என் இளைய மகளின் நிச்சயதார்த்தம் வந்தது. இந்த முறை யோசித்துப் பேசினேன்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை நிச்சயம். பந்தியில உக்காரலாம், முன்னாடியே தனியாச் சாப்பிடலாம், சும்மா வந்து பாத்துட்டும் போகலாம். வரத் தோணலைன்னாலும் சரிதான்."

அண்ணன் சொன்னார்: "பந்தியிலயே உக்கார்றேன். நீ மட்டும் அந்தப் பக்கம் வந்து நிக்காத."

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அடுப்படியில் நின்றேன். எல்லோரும் பார்த்திருப்பார்கள். நான் பார்க்கவில்லை. வந்தார் என்பது போதுமானதாக இருந்தது. ஆனால் இடையில் போன ஆண்டுகளை எங்கள் இருவருக்கும் யாரும் திருப்பித் தரவில்லை. அவர் அந்த வீட்டில் தனியே இருந்தார். அவர் இருந்தும் நான் அண்ணன் இல்லாதவளாக இருந்தேன்.

கடைசி நாட்களில் மாயவரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். "தலையணைய ஒசத்தவா, இப்படியே இருக்கட்டுமாண்ணே?" என்றேன். "இப்படியே இருக்கட்டும். நீ ஒண்ணும் செய்யாத, கூட இரு" என்றார். இரண்டு பகல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அண்ணன் போய்விட்டார்.

அவரைத் தூக்கிச் சென்றவர்களுக்கும், வயலைப் பார்த்துக்கொண்ட சேசுராசு குடும்பத்துக்கும், ஆஸ்பத்திரிக்கு வந்துபோன உறவினர் அனைவருக்கும் எங்கள் நன்றி. அண்ணன் வேண்டாம் என்று சொன்னபோது, "சரி" என்று முகம் மாறாமல் திரும்பிப் போனவர்களும் உங்களில் சிலர் உண்டு. தாங்கள் எதுவும் செய்யவில்லை என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும். அவர்களுக்கும் நன்றி.

தங்கை