வெள்ளம் தெளிஞ்சுதா அக்கா?

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட்டுகளின் நாற்றத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவளுக்கு மூக்கு எதற்கு, மூக்குத்தி குத்தவா என்று என் கணவர் கிண்டல் செய்வார். எனக்குக் கோபம் வரும். ஏனென்றால் என் சம்பளமே பாதி மூக்குக்காகத்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஷூ கம்பெனிகளுக்குப் பசை காய்ச்சித் தரும் ஒரு சின்ன யூனிட்டில் எனக்கு வேலை. லேப் என்று போர்டு போட்ட அறையில் ஒரு மேஜை, ஒரு தராசு, காயவைக்க ஓர் ஓவன், ஒரு மின்விசிறி, நான். இதில் மின்விசிறி மட்டும் அடிக்கடி லீவு போடும்.

எங்கள் பசைக்கு மூலப்பொருள் ரப்பர் பால். குமரி மாவட்டத்தில் ஓர் எஸ்டேட்டிலிருந்து டிரம் டிரம்மாக வரும். மரத்திலிருந்து வடியும் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதை எஸ்டேட்டிலேயே மெஷினில் சுற்றி, நூறு பங்குக்கு அறுபது பங்கு ரப்பர் இருக்கும்படி கெட்டியாக்கி அனுப்புவார்கள். வழியில் கெட்டுத் திரியாமல் இருக்க அமோனியா கலப்பார்கள். டிரம் வந்ததும் நன்றாகக் கலக்கி, மாதிரி எடுத்து, அமோனியா எவ்வளவு, உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அமோனியா நூற்றுக்கு பூஜ்யம் புள்ளி ஆறுக்குக் குறையக் கூடாது. ரப்பர் அறுபதுக்குக் குறையக் கூடாது. இரண்டில் எது குறைந்தாலும் டிரம்மில் சிவப்பு அட்டை தொங்கும்.

எஸ்டேட் லேபில் அப்போது ஒரு பெண் புதிதாக வேலைக்கு வந்திருந்தாள். நேரில் பார்த்ததில்லை, போனில்தான் பழக்கம். என்னை "அக்கா" என்பாள். ஒவ்வொரு லோடுக்கும் அவள் பார்த்த கணக்கு ஒரு தாளில் வரும், நான் என் கணக்கைப் பார்த்து ஒத்துவைப்பேன். முதல் லோடிலேயே அமோனியா கம்மி. பூஜ்யம் புள்ளி ஐந்துதான் இருந்தது.

"இன்னாம்மா, அமோனியாவ சென்ட்டு மாதிரி தெளிச்சு அனுப்பி இருக்கியா?" என்று கேட்டேன். "இங்க வெயில் எப்படின்னு தெரியுமா? நாலு நாள்ல பாலு தயிராய்டும். இன்னொரு வாட்டி கம்மியா வந்தா நேரா உங்க மேனேஜர்கிட்ட பேசுவேன்."

"இனி கொறயாதுக்கா," என்றாள் சின்னக் குரலில். போனை வைத்துவிட்டு நான் ரொம்ப திருப்தியாக டீ குடித்தேன். அதட்டிப் பேசினால் வேலை நடக்கும் என்பது அப்போது என் கொள்கை.

இரண்டாவது லோடு வந்த திங்கட்கிழமை, டிரம் மூடியைத் திறந்த ஸ்டோர்ஸ் அண்ணன் நாலடி பின்னால் குதித்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "யம்மா, உன் பேச்சு அங்க வரைக்கும் போய் வேலை செஞ்சிருக்கு," என்றார். நான் மாதிரியை எடைபோட்டுத் தண்ணீரில் கலந்து, இண்டிகேட்டர் விட்டு, மேலிருந்து ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். நிறம் மாறுவதற்குள் வழக்கத்தைவிட நிறைய ஆசிட் இறங்கிவிட்டது. கணக்குப் போட்டால் அமோனியா பூஜ்யம் புள்ளி எட்டு ஆறு. பயந்துபோய் ஊற்றியிருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டேன். ஜாஸ்தியாக இருந்தால் பாலைக் கிளறிக் காற்றாட விட்டு இறக்கிக்கொள்ளலாம், அதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டோம்.

அடுத்தது ரப்பர். பத்து கிராம் பாலை எடைபோட்டு, தண்ணீர் சேர்த்து, அசிட்டிக் ஆசிட் விட்டுச் சூடான ஆவியில் வைத்தால் ரப்பர் மட்டும் திரண்டு ஒரு கட்டியாகச் சேரும். அதை அழுத்தி மெல்லிய தகடாக்கி, ஓடுகிற தண்ணீரில் கழுவி, எழுபது டிகிரி ஓவனில் மறுநாள் காலைவரை காயவைக்க வேண்டும். வெள்ளைத் திட்டு ஒன்றும் இல்லாமல் காய்ந்ததும் எடை பார்த்தால் ரப்பர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். எவ்வளவு ஆசிட் விட வேண்டும் என்பதற்குப் புத்தகத்தில் ஒரு அளவு உண்டு. எனக்கு முன்பு இருந்தவர் அதில் பாதிதான் விடுவார், நானும் அவர் கையைப் பார்த்துப் பழகியவள். பாதியிலேயே எப்போதும் அழகாகத் திரண்டதால், புத்தகம் எழுதியவருக்கு ஆசிட் ஓசியில் கிடைத்திருக்கும் என்று முடிவு செய்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை தகடுகளை எடுத்து எடைபோட்டேன். ஐம்பத்தேழு சில்லறை. ஒரே மாதிரியை இரண்டு கிண்ணத்தில் செய்து பார்ப்பது வழக்கம், இரண்டும் ஒத்துப்போயின. ஒரே தப்பை இரண்டு தடவை செய்தால் ஒத்துப்போகாமல் எங்கே போகும், ஆனால் அது எனக்கு அப்போது தோன்றவில்லை. அவள் தாளில் அறுபது புள்ளி மூன்று என்று போட்டிருந்தாள். அப்படியானால் நடுவில் யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள். டிரம் சீல் வைத்துத்தான் வந்தது, ஆகவே கலந்தது எஸ்டேட்டில்.

டிரம்களில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, எங்கள் மேனேஜர், எஸ்டேட் மேனேஜர் இருவருக்கும் அப்படியே மெயில் அனுப்பினேன். "தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு" என்று ஒரு வரியையும் சேர்த்தேன். அரை மணியில் அவள் போன் வந்தது. மூச்சு வாங்கியது.

"அக்கா, நான் வெள்ளமே சேக்கல்லக்கா. எங்க மேனேஜர், நீதானே கையெழுத்து போட்ட, நாளைக்கு பதில் தராட்டா வேலைக்கு வராண்டாம்னு சொல்லியாச்சு. இன்னும் வேல நிரந்தரம் ஆவல்லக்கா."

அவள் ஊரில் தண்ணீரைத்தான் வெள்ளம் என்பார்கள். எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

"வெள்ளமா? அதெல்லாம் எங்க பாலாத்துலயே எப்பவோ ஒரு வாட்டிதாம்மா வரும். நீ டிரம்முக்குள்ளயே வர வச்சிட்டியே."

அவள் சிரிக்கவில்லை. "அக்கா, ஒண்ணு கேக்கட்டா? ரப்பர் கட்டிய எடுத்த பொறவு வெள்ளம் தெளிஞ்சுதா?" என்றாள்.

"முதல்ல வெள்ளம் வடியட்டும், அப்புறம் தெளியறத பாப்போம்," என்று சொல்லி வைத்துவிட்டேன். ஸ்டோர்ஸ் அண்ணன் சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவப் போனேன். தொட்டி ஓரத்தில் முந்தின நாள் கிண்ணங்கள் கிடந்தன. திரண்ட கட்டியை எடுத்தபிறகு மிஞ்சிய நீர் ஒரு கிண்ணத்தில் அப்படியே இருந்தது. கழுவி வைக்காத என் சோம்பேறித்தனத்துக்கு அன்று ஒரு கும்பிடு போட வேண்டும். ஏனென்றால் ரப்பர் முழுக்கத் திரண்டிருந்தால் அந்த நீர் தெளிவாக இருந்திருக்கும். இதுவோ மோர் நீர் மாதிரி வெளுத்திருந்தது.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அதில் கொஞ்சம் ஆசிட் விட்டுச் சூடாக்கினேன். சின்னச் சின்னதாக வெள்ளைத் துணுக்குகள் மிதக்க ஆரம்பித்தன. விரலில் எடுத்து நசுக்கினேன். இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. நான் காணவில்லை என்று மெயில் போட்ட ரப்பர் என் விரலில் ஒட்டிக்கொண்டு இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். அவள் பயந்துபோய் அமோனியாவை ஜாஸ்தி விட்டிருக்கிறாள். நான் விட்ட பாதி அளவு ஆசிட் அந்த அமோனியாவை அடக்கவே சரியாகப் போய்விட்டது. ரப்பரைத் திரட்ட மிச்சம் போதவில்லை. திரளாத ரப்பர் நீரோடு தங்கிவிட்டது. அவளை அதட்டியதும் நான், பாதி ஆசிட் விட்டதும் நான், தண்ணீர் கலந்தாள் என்று எழுதியதும் நான். "தெளிஞ்சுதா" என்று அவள் கேட்டது இதைத்தான். அது லேப் நடத்துகிறவள் கேட்கிற சரியான கேள்வி. நான் அவள் பேச்சைப் பிடித்துக்கொண்டு விளையாடியிருக்கிறேன்.

எங்கள் மேனேஜர் பாயிடம் போய், லோடைத் திருப்பி அனுப்ப வேண்டாம், ஒரு நாள் பொறுங்கள் என்றேன்.

"இன்னாம்மா இது பேஜாரு? காலைல தண்ணின்னே, இப்ப இல்லன்றே."

"மறுபடி பாக்கறேன் சார். சந்தேகமா இருக்கு."

சந்தேகம் என்று சொன்னேன். எனக்குச் சந்தேகமே இல்லை. புத்தகத்தில் உள்ள முழு அளவு ஆசிட் விட்டு மறுபடி செய்தேன். இம்முறை நீர் கண்ணாடி போல் தெளிந்தது. தகடுகளை ஓவனில் வைத்துவிட்டு போனைக் கையில் எடுத்தேன், திரும்பவும் மேஜையில் வைத்தேன். எண் கையில் இல்லாமல் பேசுவது முறையில்லை, நாளைக்குக் காய்ந்ததும் பேசலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முறை என்பது உண்மைதான். ஆனால் அவளிடம் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை என்பது அதைவிட உண்மை.

புதன்கிழமை காலை அறுபது புள்ளி இரண்டு வந்தது. இரண்டு மேனேஜர்களுக்கும் மெயில் போட்டேன். தண்ணீர் கலக்கவில்லை, ஆசிட் அளவில் எங்கள் லேபில் நேர்ந்த தவறு என்று எழுதி என் பெயரையும் போட்டேன். மேனேஜர் பாய் படித்துவிட்டு, "உன் மூக்கு மட்டும் இல்ல, கண்ணும் லீவா?" என்று கேட்டதோடு விட்டுவிட்டார். சிவப்பு அட்டையை நானே போய்க் கழற்றினேன். பிறகுதான் அவளுக்குப் போன் போட்டேன்.

எடுத்தது வேறு குரல். வயதான பெண் குரல்.

"மவ குளிச்சிட்டு இருக்கா, இன்னும் வேலைக்கு எறங்கல்ல. நான் அம்மையாக்கும். நீங்க யாரு?"

யாரென்று சொன்னேன். நான் அவசரமாக எல்லாவற்றையும் கொட்டினேன். பால் சரியாக இருக்கிறது, உங்கள் மகள் கணக்கும் சரி, தப்பு என்னுடையது, மேனேஜருக்கும் எழுதிவிட்டேன் என்றேன். அமோனியா, ஆசிட் என்று அந்த அம்மாவுக்கு என்னென்னவோ விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"அப்போ அவளுக்கு வேல உண்டுல்லா?"

"உண்டும்மா. ஒரு பிரச்னையும் இல்ல."

"நேத்து ராத்திரி முழுக்க பிள்ள ஒறங்கல்ல. சோறும் உண்ணல்ல. இனி யாரு வேல தருவான்னு அழுகா," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது மக்களே, இண்ணைக்கா?" என்று பெற்ற மகளைக் கேட்பது போலக் கேட்டார்.

இன்றைக்குக் காலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தகடு காய்ந்ததும் இன்றைக்குக் காலைதான், யாரும் பொய் என்று சொல்ல முடியாது.

"நேத்து மத்தியானமேம்மா," என்றேன்.

"நேத்தே ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" என்றார் அந்த அம்மா. பிறகு, "இந்தா, அவ வந்தாச்சு," என்று போனை மகள் கையில் கொடுத்தார்.